பூண்டு ஊறுகாயும் ஐந்நூறு கிராம் பெட்டியும்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

எங்கள் ஊறுகாய் வியாபாரத்துக்கு மதினி பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. பதினான்கு இலக்க எண். foscos.fssai.gov.in தளத்தில் நானே விண்ணப்பித்தேன். போட்டோ, ஆதார், வீட்டு முகவரிக்கு ஒரு சான்று, இவ்வளவுதான் கேட்டார்கள். ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம் என்பதால் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே கட்டிவிட்டேன். இனி அடிக்கடி புதுப்பிக்கிற வேலை இல்லை.

பிரவுசிங் சென்டரில் இதற்கே இரண்டாயிரம் கேட்டார்கள். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள், ஒரு நாள் தயாரிப்பு நூறு கிலோவுக்குள் இருக்கிற சிறு வியாபாரிக்கு இந்தப் பதிவே போதும். அதைத் தாண்டினால்தான் உரிமம். எங்கள் இரண்டு அடுப்பில் ஒரு நாளைக்கு நூறு கிலோ என்பது நடக்கிற காரியமில்லை.

முகவரி யாருடையது என்பதில்தான் வீட்டில் பேச்சு நடந்தது. ஆர்டர் வாங்குவதும் பார்சல் போடுவதும் என் வீட்டில். அடுப்பு எரிவது மதினி வீட்டில். உணவு எங்கே தயாராகிறதோ அந்த இடத்துக்குத்தான் பதிவு, அதனால் மதினி பெயரும் மதினி வீட்டு முகவரியும் போட்டோம். அதிகாரி என்றைக்காவது பார்க்க வந்தால் அந்தச் சமையலறைக்குத்தான் வருவார்.

செப்டம்பர் 4, புதன்

லேபிள் அடிக்கக் கொடுக்க சிவகாசி போய் வந்தேன். அச்சகத்து அண்ணாச்சி ஊறுகாய் லேபிள் நிறைய அடித்தவர். "படத்தைப் பெருசாப் போடுங்கம்மா, எழுத்தைக் கீழ தள்ளிருவோம்" என்றார். எழுத்துதான் தள்ள முடியாத அளவுக்கு இருக்கிறது. பெயர், எடை, எடையில் அதிகமானதில் தொடங்கிக் குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்கள், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, பதிவு எண், தயாரித்தவர் முகவரி, வரி உட்பட விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் வெற்றிடம் விடச் சொன்னேன். அவற்றை ஒவ்வொரு முறையும் நாங்களே முத்திரை குத்திக்கொள்வோம். எடையும் விலையும் முடிவான பிறகுதான் அச்சு.

சேர்மான வரிசையில் பூண்டு முதலில், நல்லெண்ணெய் அடுத்து. "ஆச்சி கைப்பக்குவம்" என்று மேலே ஒரு வரி போடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். எங்கள் வீட்டில் ஆச்சி இல்லை, வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் பூண்டு ஊறுகாய். உரித்த பூண்டு ஒரு கிலோ, நல்லெண்ணெய் 400 மில்லி, எலுமிச்சைச் சாறு 250 மில்லி, புளி 100 கிராம், கல்லுப்பு 120 கிராம், மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், கொஞ்சம் வெல்லம். பூண்டை எண்ணெயில் வதக்கி, புளியும் தூளும் கொதித்துச் சுருண்டதும் இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. மதினி கை அளவுதான், நான் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இப்போதைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மாலையில் மதினியின் தம்பி வந்தார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். நான் கேட்டிருந்த பிஎச் மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். அத்தை திண்ணையில் இருந்து, "எண்ணெய் மிதந்தா ஊறுகாய் கெடாது. இதுக்கு எதுக்கு மிசினு?" என்றார்.

தம்பி பொறுமையாகச் சொன்னார். "அத்தை, எண்ணெய் மிதந்தா காத்து போகாது. காத்து இல்லாட்டி பூஞ்சை வராது, அது சரி. ஆனா காத்து இல்லாத இடத்துலதான் வளர்ற ஒரு கிருமி இருக்கு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணுல இருக்கும். பூண்டு மண்ணுக்குள்ள விளையுது. அதோட வித்து சாதாரணக் கொதிக்குச் சாகாது. அது விடுற விஷத்துக்கு வாடையும் கிடையாது, ருசியும் மாறாது."

"அப்ப மாங்கா ஊறுகாய் வருசக்கணக்குல ஜாடியில இருந்துச்சே?"

"மாங்காயும் எலுமிச்சையும் தானே புளிப்பு. புளிப்பு போதுமான அளவு இருந்தா அந்தக் கிருமி முளைக்காது. பூண்டுக்குச் சொந்தமாப் புளிப்பு கிடையாது. நாமதான் ஏத்தணும்."

அவர் சொன்ன எல்லை 4.6. பிஎச் அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பச்சைப் பூண்டு ஐந்தரை, ஆறு என்று இருக்கும். உப்பும் கிருமியைத் தடுக்கும், ஆனால் அதற்குப் பத்து சதவீதம் வேண்டும். எங்கள் ஊறுகாயில் உப்பு எட்டு சதவீதம்கூட வராது. இந்தக் காலத்தில் அதற்கு மேல் போட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் பொறுப்பு முழுக்கப் புளிப்பின் தலையில்.

மீட்டரை 4, 7 என்ற இரண்டு திரவங்களிலும் வைத்துச் சரி பார்த்தார். மசாலாவை அளந்தால் 3.7. நான் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு முழுப் பல்லை எடுத்து, மேலே ஒட்டிய எண்ணெயையும் மசாலாவையும் துடைத்து, சொட்டு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு நசுக்கி அளந்தார். 5.1.

"வெளிய புளிப்பு இருக்கு, உள்ள இன்னும் போகல" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

பூண்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி இன்னொரு சிறிய ஈடு. அதே அளவுகள். வெட்டினால் பார்வை போய்விடும் என்று மதினிக்குக் கவலை. படத்தில் எண்ணெயோடு மினுங்குகிற முழுப் பல்தான் இன்ஸ்டாகிராமில் விற்கும் என்பது உண்மைதான்.

செப்டம்பர் 13, வெள்ளி

இரண்டையும் அளந்தோம். முழுப் பல்லின் நடுப்பகுதி 4.5. வெட்டிய பூண்டு 3.9.

4.5 எல்லைக்குக் கீழேதான். ஆனால் ஒரு பல் பெரிதாக இருந்தால், ஒரு நாள் எலுமிச்சை சாறில்லாமல் இருந்தால், அந்த இடைவெளி காணாமல் போய்விடும். வெட்டிப் போடுவது என்று முடிவு. ஐந்து நாள் ஊறிய பிறகுதான் பாட்டிலில் அடைப்பது, அடைப்பதற்கு முன் ஒவ்வொரு ஈட்டிலும் வெவ்வேறு இடத்தில் இருந்து துண்டுகளை எடுத்து அளப்பது, 4.2க்கு மேல் காட்டினால் எலுமிச்சைச் சாறு சேர்த்து மறுபடி ஊற வைப்பது. மதினி நோட்டில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். மதுரையில் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஒரு ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறோம். காசு கொஞ்சம் அதிகம்தான். வீட்டு மீட்டரை மட்டும் நம்பி ஊர் பேர் தெரியாதவர்களுக்கு விற்க எனக்கு மனசில்லை. அந்த அறிக்கை வந்த பிறகுதான் முதல் பாட்டில் வெளியே போகும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

விடுமுறை நாள். பாட்டில் சோதனை.

கண்ணாடி பாட்டிலை விட்டுவிட்டோம். உடையும் என்பது மட்டுமில்லை, கனம். பெட் பாட்டில்தான். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் நல்லெண்ணெய் புரி வழியாக மெதுவாக ஏறி வந்துவிடும். கூரியரில் யாரும் பாட்டிலை நிமிர்த்தி வைக்கப் போவதில்லை. அதனால் மூடிக்குள் அலுமினியத் தகடு வைத்த பாட்டில் வாங்கி, கையில் பிடிக்கிற இண்டக்‌ஷன் சீலரால் தகட்டைப் பாட்டில் வாயோடு ஒட்டுகிறோம்.

நேற்று இரவு ஒட்டிய பாட்டில்களைச் செய்தித்தாள் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பெரும்பாலானவற்றின் கீழே தாள் காய்ந்திருந்தது. சிலவற்றின் கீழே மஞ்சள் வட்டம். அந்த மூடிகளைத் திறந்து பார்த்தால் தகடு ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் தூக்கி நின்றது. அங்கே விளிம்பில் மசாலா. எண்ணெய் பட்ட இடத்தில் தகடு பிடிக்காது. பவுச்சில் அடைத்தாலும் இதே கதைதான், சீல் விழுகிற பட்டையில் எண்ணெய் இருந்தால் பார்வைக்கு ஒட்டியது மாதிரி இருக்கும், பெட்டிக்குள் போய்ப் பிரியும்.

இனி அகல வாய்ப் புனலில் விட்டு நிரப்புவது, வாயை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே தகடு. கழுத்துவரை நிரப்பக் கூடாது, லாரிச் சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும். ஆனால் ஊறுகாய்க்கு மேல் அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும், எண்ணெய் ஊறுகாய்க்கு விதியிலேயே அப்படி ஒரு அளவு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிரப்ப மதினிக்கு இரண்டு பாட்டில் போதும், கை பழகிவிட்டது.

சூடாக அடைப்பதும் கிடையாது. மூடிக்கு அடியில் வேர்க்கிற தண்ணீர் சொட்டி விழுந்த இடத்தில்தான் பூஞ்சை தொடங்கும்.

செப்டம்பர் 20, வெள்ளி

தபால் நிலையத்தில் எடை போட்டுப் பார்க்க மூன்று அளவு பாட்டில்களை எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, "ஊறுகாயா, ஒழுகாதே?" என்று பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைத்தார்.

ஸ்பீட் போஸ்ட் கணக்கு ஐந்நூறு ஐந்நூறு கிராமாகத் தாவுகிறது. 200 கிலோமீட்டருக்கு மேல், ஆயிரத்துக்குள் என்றால் ஐந்நூறு கிராம் வரை 60 ரூபாய், அடுத்த ஒவ்வொரு ஐந்நூறுக்கும் 30, இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. விருதுநகரில் இருந்து சென்னை இந்தத் தூரத்தில்தான் வருகிறது.

முதலில் நினைத்தது அரைக்கிலோ பாட்டில். ஆனால் அரைக்கிலோ ஊறுகாய், பாட்டில், அட்டைப்பெட்டி, குமிழ்த் தாள் எல்லாம் சேர்ந்து அறுநூற்றைம்பது கிராமைத் தாண்டுகிறது. உடனே ஒரு கிலோ கட்டணம், 106 ரூபாய் 20 காசு. நானூறு கிராம் பாட்டிலும் சொற்பத்தில் ஐந்நூறைத் தாண்டிவிட்டது. 350 கிராம் பாட்டில் பெட்டியோடு 475. கட்டணம் 70 ரூபாய் 80 காசு.

இரண்டு 350 கிராம் பாட்டிலை ஒரே பெட்டியில் வைத்தால் மொத்தம் ஒரு கிலோவுக்குள் அடங்கும். அதே 106.20, பாட்டிலுக்கு 53 ரூபாய்தான். அதனால் பாட்டில் அளவு 350. விளம்பரத்தில் ஒற்றை பாட்டிலையும் போடுவேன், ஆனால் "இரண்டாக வாங்கினால் அனுப்பும் செலவு குறையும்" என்பதை மேலேயே எழுதிவிடப் போகிறேன்.

இரவில் விலைக் கணக்கு. பூண்டு கிலோ 340. உரித்தால் கழிவு போகும், ஒரு கிலோ உரித்த பூண்டுக்கு ஒன்றே கால் கிலோ வாங்க வேண்டியிருக்கிறது. எண்ணெய், எலுமிச்சை, புளி, தூள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு ஈட்டுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம், கிடைப்பது 1.65 கிலோ. 350 கிராமுக்குப் பொருள் செலவு 150. பாட்டில், தகடு, லேபிள், பெட்டி, டேப் 37. உரிப்பதற்கும் கிண்டுவதற்கும் கூலி 50 என்று வைத்தேன். மதினி "எனக்கு எதுக்குக் கூலி" என்றார். கூலி எழுதாவிட்டால் லாபம் என்று நாம் நினைப்பது அவர் கூலிதான் என்று சொல்லி எழுதிவிட்டேன். ஒழுகல், திரும்பி வருவது என்று ஒரு பத்து. ஆக 247. விலை 290, அனுப்பும் செலவு தனி. "ஃப்ரீ டெலிவரி 299" என்று போடுகிறவர்கள் எப்படிக் கட்டுப்படியாக்குகிறார்களோ, எனக்குத் தெரிந்து எண்ணெயில்தான் கை வைக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

ஆய்வக அறிக்கை வியாழன் அன்று வந்தது. புளிப்பு நாங்கள் அளந்ததை ஒட்டித்தான் இருக்கிறது. நேற்று முதல் பார்சல்கள் போயின, மதுரைக்கும் கோவைக்கும்.

பெங்களூருவில் இருந்து ஒருவர் ஆறு பாட்டில் கேட்டார். இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். மதினிக்குக் கோபம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்றால் முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். பதிந்தால் ஊறுகாய்க்கு 12 சதவீதம் வரி, மாதாமாதமோ காலாண்டுக்கோ கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம். மாதம் ஐம்பது பாட்டில் வெளி மாநிலத்துக்குப் போகும் என்று தெரிந்தால் யோசிக்கலாம். இன்ஸ்டாகிராமில் பலர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்டோபர் 5, சனி

தீபாவளிக்கு முறுக்கு, தட்டை கேட்டு மெசேஜ் வரத் தொடங்கிவிட்டது. ஊறுகாய் கனத்தால் காசு வாங்கும் என்றால் முறுக்கு இடத்தால் வாங்கும்.

எங்கள் பகுதி கூரியர்காரர் தராசைப் பார்க்கவே இல்லை, டேப்பை எடுத்தார். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம். அரைக்கிலோ கை முறுக்கு உடையாமல் போக 30, 20, 15 பெட்டி எடுத்திருந்தேன். ஒன்பதாயிரம், வகுத்தால் 1.8. இரண்டு கிலோ கட்டணம். உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் காற்று.

தட்டையை ஒன்றன் மேல் ஒன்றாக உருளை மாதிரி அடுக்கி பவுச்சில் போட்டுப் பார்த்தோம். அதே அரைக்கிலோ 20, 12, 12 பெட்டியில் அடங்கியது. கணக்கு 0.58தான், ஒரு கிலோ கட்டணம். உடையவும் இல்லை, தட்டைக்குத் தட்டையே முட்டுக்கொடுத்துவிட்டது. தீபாவளிக்குத் தபாலில் தட்டை, சின்னச் சீடை மட்டும். முறுக்கு உள்ளூருக்கு, நேரில் வந்து வாங்குகிறவர்களுக்கு.

ஆகஸ்டில் எடுத்து வைத்த சோதனைப் பாக்கெட்டுகளையும் இன்று பிரித்தோம். ஒரே ஈட்டுத் தட்டை, ஒரே நாள் பொரித்தது. சாதாரணக் கண்ணாடி கவரில் இருந்தது மொறுமொறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் மூக்கில் பட்டதும் சிக்கு வாடை. உள்ளே வெள்ளி பூசிய பவுச்சில் இருந்தது நன்றாக இருந்தது. எண்ணெய் சிக்கு ஏறுவதற்கு வெளிச்சமும் காற்றும்தான் காரணம், வெள்ளிப் பூச்சு இரண்டையும் தடுக்கிறது. அதே பவுச் ஒன்றை மொட்டை மாடி அறையில், வெயில் சூட்டில் வைத்திருந்தேன். அதிலும் லேசாக வாடை தொடங்கிவிட்டது. கூரியர் கிடங்கு அந்த மாடி அறையைவிடக் குளுமையாக இருக்காது.

மதினி இரண்டு மாதம் போடலாம் என்றார். முப்பது நாள் போட்டோம். பொரித்த எண்ணெயை மறுபடி தட்டைக்கு எடுப்பதில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். ஏற்கெனவே காய்ந்த எண்ணெயில் பொரித்தது அந்த முப்பது நாளைக்கும் தாங்காது.

அக்டோபர் 14, திங்கள்

மதுரைக்குப் போன எலுமிச்சை ஊறுகாய் ஒன்றின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. பாட்டில் வாயில் ஓரமாக வெள்ளைப் பொட்டுகள். "காலாவதிக்கு இன்னும் நாள் கிடக்கு, பூஞ்சை பிடிச்சிருக்கு" என்று எழுதியிருந்தார்.

பேட்ச் எண்ணைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு சின்ன பாட்டிலைக் காலாவதி முடியும்வரை எங்கள் அலமாரியில் வைத்திருப்போம். அந்த எண்ணுள்ளதைத் திறந்தோம். தகடு இறுக்கம், எண்ணெய் மேலே நிற்கிறது, வாடை சரி, பொட்டு எதுவும் இல்லை. அதே ஈட்டில் வாங்கிய வேறு இரண்டு பேரிடமும் கேட்டேன், அவர்களிடமும் இல்லை. ஈட்டில் கோளாறு என்றால் எல்லாவற்றிலும் தெரிந்திருக்கும். தகடு ஒழுகியிருந்தால் பெட்டி நனைந்திருக்கும்.

திறந்து எத்தனை நாள், எந்தக் கரண்டி என்று பக்குவமாகக் கேட்டேன். அந்த அம்மாவே சொன்னார், பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டில் இருந்த ஸ்பூனையே போட்டு எடுத்திருக்கிறார்கள். சாதத்தின் ஈரம் வாயில் ஒட்டியிருக்கிறது. மேலே உள்ளதை வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டார். வேண்டாம், கொட்டிவிடுங்கள், பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை என்றேன். புது பாட்டில் அனுப்பினோம், தபால் செலவு மட்டும் அவருடையது. அடுத்த லேபிளில் "திறந்த பின் உலர்ந்த கரண்டி மட்டும்" என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்து அண்ணாச்சிக்குப் போன் செய்தாயிற்று. படத்தைத்தான் கொஞ்சம் சின்னதாக்க வேண்டுமாம்.

அக்டோபர் 21, திங்கள்

தீபாவளி 31ஆம் தேதி, வியாழன். வெளியூர் ஆர்டரை 23ஆம் தேதியோடு நிறுத்துகிறோம். கடைசி வாரம் கூரியர் கிடங்கில் மூட்டைக்கு மேல் மூட்டை, இரண்டு நாளில் போவது ஆறு நாள் ஆகும். தட்டைக்கு முப்பது நாள்தான் ஆயுள் என்பதால் பொரித்த மறுநாளே பார்சல் போட்டுவிடுகிறோம், இருப்பு வைப்பதில்லை.

பார்சல் வந்த பிறகு பணம் தருகிறோம் என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றாயிற்று. வீட்டில் ஆளில்லாமல் திரும்பி வந்தால் போக, வர இரண்டு கட்டணமும் நம் தலையில். இரண்டு பாட்டில் ஆர்டருக்கு 106, 106 என்று போனால் அந்த வரவில் மிஞ்சுவது எதுவும் இல்லை.

பூண்டு விலை இன்று 380 ஆகிவிட்டது. பாட்டிலுக்கு இன்னும் பதினொரு ரூபாய் செலவு கூடும். விலையை 310 ஆக்குவதா, தீபாவளி வரை 290லேயே விடுவதா என்று மதினியிடம் கேட்டேன். புது லேபிள் வருவதற்குள் சொல்ல வேண்டும், விலையும் அதில்தான் அச்சாக இருக்கிறது. இருக்கிற லேபிள் தீரும்வரை 290, அதன் பிறகு 310 என்று முடிவாயிற்று.